‘உங்களைக் கேட்காமல் மாற்றமாட்டோம்’ என்று மன்றம் எழுதிக் கொடுத்தால்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஏதாவது ஒரு வரிசைக் கடை உடைபடும்போது, “இருபது வருஷமாக இங்கேதான் வியாபாரம் செய்கிறோம், எங்களுக்கு நியாயமான எதிர்பார்ப்பு இருக்கிறது” என்று யாராவது சொல்வது வழக்கம். கோயில் நிலம், பள்ளி மானியம், டெக்சி பெர்மிட் என்று எல்லாவற்றிலும் இந்தச் சொல் அடிபடுகிறது. சொல்பவர்களில் பலர் ‘எங்களுக்குக் கிடைக்க வேண்டியது நியாயம்’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். சட்டத்தில் அதன் பொருள் வேறு, அதைவிட மிகக் குறுகியது. வழக்கறிஞர்கள் லெஜிட்டிமேட் எக்ஸ்பெக்டேஷன் என்று சொல்வதை இந்தக் கட்டுரையில் நியாயமான எதிர்பார்ப்பு என்றே எழுதுகிறோம்.

## அப்பா சொன்ன மூன்று வார்த்தைகள்

வீட்டில் ஒரு பழைய மைவி கார். மகன் அதை ஓட்டுகிறான். அப்பா மூன்று விதமாகப் பேசலாம்.

“கார் விஷயம்தானே, பார்க்கலாம்” என்றால் அது வெறும் ஆசையைத் தரும். “விற்பதாக இருந்தால் உன்னிடம் கேட்காமல் விற்கமாட்டேன்” என்றால், கார் மகனுடையது ஆகிவிடாது. ஆனால் விற்பதற்கு முன் அவன் பேச்சைக் கேட்க வேண்டிய கடமை அப்பாவுக்கு வந்துவிடுகிறது. கேட்டுவிட்டு விற்கலாம். “நீ படித்து முடிக்கும்வரை கார் உன்னிடம்தான் இருக்கும்” என்றால் வாக்குறுதி பேச்சைக் கேட்பது பற்றியதே அல்ல, காரைப் பற்றியது.

அப்பா இருந்த இடத்தில் ஊராட்சி மன்றம், குடிநுழைவுத் துறை, சுகாதார வாரியம் போன்ற பொது அதிகாரம் உள்ள ஓர் அமைப்பை வைத்துப் பாருங்கள். முதல் வார்த்தைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இரண்டாவது தருவது நடைமுறை எதிர்பார்ப்பு: முடிவெடுக்கும் முன் விசாரிப்பார்கள், பேச அழைப்பார்கள், அவகாசம் தருவார்கள் என்ற எதிர்பார்ப்பு. மூன்றாவது தருவது பலன் எதிர்பார்ப்பு: சொன்ன அந்தப் பலனே கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு. இவை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை சீராய்வு கேட்கலாம். சீராய்வு என்றால், அரசு அமைப்பு முடிவெடுத்த விதம் சட்டப்படி சரியா என்று நீதிபதி பார்ப்பது. அந்த முடிவு நல்லதா கெட்டதா என்பது அவர் வேலை இல்லை.

சுருக்கமாக இதுவரை: எதிர்பார்ப்பு பிறப்பது மனத்தில் இல்லை, அதிகாரி சொன்ன சொல்லில் அல்லது தொடர்ந்து செய்துவந்த வழக்கத்தில். நடைமுறை எதிர்பார்ப்பு உங்கள் பேச்சைக் கேட்கச் சொல்கிறது. பலன் எதிர்பார்ப்பு சொன்னதைக் கொடுக்கச் சொல்கிறது.

## கோலாலம்பூர் நிருபரின் பாஸ்

மலேசியாவில் இதைப் பேசும் எவரும் முதலில் தொடுவது 1986இல் நடந்த பெர்தல்சன் வழக்கை. ஜான் பெர்தல்சன் ஓர் அமெரிக்கர். ஏஷியன் வால் ஸ்திரீட் ஜர்னல் நாளிதழுக்காகக் கோலாலம்பூரில் நிருபராக இருந்தார். இரண்டாண்டு வேலை பாஸ் கொடுத்திருந்தார்கள். அது முடிவதற்கு முன்பே ரத்து செய்து, நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். ரத்து செய்வதற்கு முன் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த சுப்ரீம் கோர்ட் அந்த ரத்தைச் செல்லாது என்றது. வெளிநாட்டவருக்கு மலேசியாவில் தங்கும் உரிமை இல்லை என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட தேதிவரை இருக்கலாம் என்று பாஸ் கொடுத்துவிட்டதால், அந்தத் தேதிவரை இருக்க விடுவார்கள் என்று எதிர்பார்க்க அவருக்கு இடமிருந்தது. அந்தத் தேதியை இடையில் வெட்டுவதற்கு முன் அவர் பக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். அவர் வென்றது கேட்கப்படும் வாய்ப்பை. தங்கும் உரிமையை அல்ல.

இந்த வேறுபாட்டுக்கு வேர் இங்கிலாந்தில் 1968இல் வந்த ஷ்மித் வழக்கு. இந்தச் சொல்லை நீதிபதி டென்னிங் பிரபு அறிமுகப்படுத்தியது அதில்தான். அந்த வழக்கில் வெளிநாட்டு மாணவர்கள் தோற்றார்கள். ஏனென்றால் அவர்களுடைய அனுமதிக் காலம் ஏற்கெனவே முடிந்திருந்தது, கேட்டது நீட்டிப்பை. காலம் இருக்கும்போதே பறித்திருந்தால் கதை வேறு என்று டென்னிங் சொல்லி வைத்தார். அந்த ‘வேறு கதை’தான் பெர்தல்சனுக்கு நடந்தது.

லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் பயன்படும் கணக்கு. 1978இல் இங்கிலாந்தின் மெக்கின்ஸ் வழக்கில் நீதிபதி மெகாரி இதை மூன்று படியாகப் பிரித்தார். கையில் இருக்கும் லைசென்ஸைப் பறிப்பது முதல் படி. பாதுகாப்பு அங்கே அதிகம்: குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், பதில் கேட்க வேண்டும். தொடர்ந்து புதுப்பித்து வந்ததை இந்த முறை புதுப்பிக்காமல் விடுவது நடுப்படி. எதிர்பார்ப்பு என்ற சொல் பொருந்துவது இங்கேதான். புதிதாக விண்ணப்பிப்பவர் மூன்றாம் படி. அவருக்கு நேர்மையாகப் பரிசீலிக்கப்படுவதைத் தவிரப் பெரிதாக எதுவுமில்லை. ஆகவே முதல் கேள்வி “எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்” என்பதல்ல, “லைசென்ஸில் இன்று தேதி மிச்சமிருக்கிறதா” என்பதுதான்.

பெர்தல்சன் தீர்ப்பை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு குடிநுழைவு வழக்குக்குப் போக முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றுள்ள குடிநுழைவுச் சட்டத்தின் 59ஆவது பிரிவு, உத்தரவு போடும் முன் பேச வாய்ப்புத் தர வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எழுதப்பட்ட சட்டம் எதிரே நிற்கும்போது எதிர்பார்ப்பு பின்வாங்கிவிடும். மற்ற துறைகளில் தீர்ப்பின் தர்க்கம் உயிரோடுதான் இருக்கிறது.

## சொல் இல்லாமல் வழக்கத்திலிருந்தும் பிறக்கும்

யாரும் எதையும் எழுதித் தராதபோதும், நீண்ட காலம் ஒரே மாதிரி நடந்துவந்தால் போதும். இங்கிலாந்தின் ஜிசிஎச்க்யூ என்ற உளவுத் தகவல் நிலையத்தில் 1947 முதல் ஊழியர்கள் தொழிற்சங்கத்தில் இருந்தார்கள். வேலை நிபந்தனைகளை மாற்றும்போதெல்லாம் சங்கத்தோடு பேசுவது வழக்கம். 1984இல் அரசு ஒரு வார்த்தை பேசாமல் சங்கத்தைத் தடை செய்தது. அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், பேசியிருப்பார்கள் என்று எதிர்பார்க்கச் சங்கத்துக்கு இடமிருந்தது என்றே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் சங்கம் தோற்றது. முன்கூட்டிப் பேசினால் நிலையத்தின் வேலையே தடைபடும் அபாயம் இருந்ததாக அரசு காட்டிய தேசியப் பாதுகாப்புக் காரணம் மேலோங்கிவிட்டது.

எதிர்பார்ப்பு இருக்கிறது என்று நிரூபிப்பது பாதி வேலைதான் என்பதற்கு இது நல்ல சான்று. வழக்கை எடுத்துக்கொண்டு வருபவர்களில் பலர் அந்தப் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

## சொன்னதையே கொடு என்று கேட்பது

பலன் எதிர்பார்ப்பு கடினமானது. ஓர் அமைப்பு தன் கொள்கையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தையே இது கட்டிப்போடுகிறது. அதனால் நீதிமன்றங்கள் தயங்கித்தான் வந்தன.

1999இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த காக்லன் வழக்கு இதில் திருப்புமுனை. பமேலா காக்லன் சாலை விபத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர். அவரையும் அவரைப் போன்ற சிலரையும் 1993இல் பழைய மருத்துவமனையிலிருந்து மார்டன் ஹவுஸ் என்ற இல்லத்துக்கு மாற்றியபோது, விரும்பும் காலம்வரை அதுவே உங்கள் வீடு என்று சுகாதார ஆணையம் சொன்னது. 1998இல் செலவு தாங்கவில்லை என்று மூட முடிவெடுத்தது. காக்லனோடு கலந்து பேசிவிட்டால் போதும் என்ற நிலைக்கு நீதிமன்றம் இறங்கவில்லை. வாக்குறுதி தெளிவானது, கொடுக்கப்பட்டது சில பேருக்கு மட்டும், ஏறக்குறைய ஓர் ஒப்பந்தம் போன்றது, காப்பாற்றுவதால் ஆணையத்துக்கு வரும் இழப்பு பணம் மட்டுமே. மீறுவதை நியாயப்படுத்தும் அளவு பெரிய பொதுநலன் எதுவும் இல்லை. எனவே மீறுவது அதிகாரத் துஷ்பிரயோகம் என்று முடிவு.

‘சில பேர்’, ‘பணம் மட்டும்’ என்ற இரண்டையும் கவனியுங்கள். நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொருந்தும் கொள்கையை அரசு மாற்றினால், காக்லனைக் காட்டி வெல்வது மிகக் கடினம்.

மலேசியாவுக்கு இந்தப் பகுதி வந்த வழி பினாங்கு வழியாகத்தான். சுங்கை குளுகோர் கூட்டுறவுச் சங்கத்தின் வீடமைப்புத் திட்டத்துக்கு நகராண்மைக் கழகம் விதித்த திட்ட அனுமதி நிபந்தனைகளைப் பற்றிய சர்ச்சை அது. 1999இல் கூட்டரசு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நீதிபதி எட்கர் ஜோசப் ஜூனியர் எழுதினார். நீண்ட தீர்ப்பு. நியாயமான எதிர்பார்ப்பு பேச்சைக் கேட்கும் கடமையோடு நிற்பதில்லை, பலனையும் தொடலாம் என்ற வாதத்துக்கு இங்குள்ள வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

மறுபடி சுருக்கமாக: நடைமுறை எதிர்பார்ப்பு மீறப்பட்டால், முடிவு ரத்தாகி முறையாக மறுபடி எடுக்கச் சொல்லித் திரும்பிப் போகும். பலன் எதிர்பார்ப்பு மீறப்பட்டால், மீறியதற்கான காரணத்தையே நீதிமன்றம் எடைபோடும்.

## பூக்கடை வரிசை: ஒரு கற்பனை வழக்கு

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு பின்சந்தில் 12 பேர் மாலை கட்டி விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊராட்சி மன்றத்தின் லைசென்ஸ் இருக்கிறது. 2022 மார்ச்சில் லைசென்ஸ் பிரிவின் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் 12 பேருக்கும் வருகிறது. அதில் மூன்று வாக்கியங்கள் முக்கியம்.

ஒன்று: புதிய கடைகள் கட்டி முடியும்வரை இப்போதைய இடத்திலேயே வியாபாரம் செய்ய அனுமதிக்கப்படும். இரண்டு: இடமாற்றத்துக்கு முன் வியாபாரிகள் கலந்துபேச அழைக்கப்படுவார்கள். மூன்று: மேற்கூரை அமைக்க விண்ணப்பித்தால் பரிசீலிக்கப்படும்.

கடிதத்தை நம்பி சரஸ்வதி அக்கா 6,000 ரிங்கிட் செலவில் ஒரு குளிர்பெட்டி வாங்கிவிட்டார். 2024 ஜூன் 12ஆம் தேதி ஒரு நோட்டீஸ் வருகிறது: இந்தப் பின்சந்தை அகலப்படுத்தப் போகிறோம், 14 நாளில் காலி செய்யவும். புதிய கடைகளுக்கு இன்னும் தூண்கூட எழும்பவில்லை. கலந்துபேச யாரும் அழைக்கவில்லை.

மூன்றாவது வாக்கியத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். மலாய்க் கடிதங்களில் ‘அக்கான் டிபெர்திம்பாங்கான்’ என்று வந்தால் அது பரிசீலிப்போம் என்பது மட்டுமே, அப்பாவின் ‘பார்க்கலாம்’. ‘அக்கான் டிபெனார்கான்’, அதாவது அனுமதிக்கப்படும், என்பது வேறு எடை. அதற்கு முன்னாலோ பின்னாலோ ‘தெர்தாக்லுக் கெப்பாடா’, உட்பட்டு, என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறதா, ‘செமெந்தாரா’, தற்காலிகமாக, என்று ஒரு தலை முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாக்குறுதி தெளிவாக, இரண்டு பொருள் படாமல், நிபந்தனை ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் கேட்பதன் நடைமுறைப் பொருள் இதுதான். கடிதத்தின் மொழிபெயர்ப்பை வைத்து வாதிட வேண்டாம். மூலத்தை எடுத்து ஒவ்வொரு வினைச்சொல்லையும் பென்சிலால் கோடிடுங்கள்.

இரண்டாவது வாக்கியம்தான் 12 பேரின் பலமான ஆயுதம். அழைக்கப்படுவார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது, அழைக்கப்படவில்லை. மன்றம் உடனே காட்டப்போவது 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107ஆவது பிரிவை: லைசென்ஸை எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், புதுப்பிக்க மறுக்கவும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பலர் இந்த இடத்தில் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவைப் பொறுமையாகப் படித்தால், அது தரும் விலக்கு காரணம் சொல்வதிலிருந்துதான். பேச அழைக்கிறேன் என்று தானே எழுதிய பிறகும் அழைக்க வேண்டாம் என்று அது சொல்லவில்லை. காரணம் சொல்லாதிருப்பதும் காது கொடுக்காதிருப்பதும் ஒன்றல்ல என்று வாதிட இங்கே நல்ல இடம் இருக்கிறது.

முதல் வாக்கியம் பலன் எதிர்பார்ப்பு. இதற்குச் சாதகமாக 12 பேர் என்ற சிறிய எண்ணிக்கை, பெயர் குறித்த கடிதம், அதை நம்பிச் செய்த செலவு ஆகியவை நிற்கின்றன. நம்பிக் காசு செலவழித்தது கட்டாய நிபந்தனை அல்ல, ஆனால் தராசில் கனமாக விழும். சரஸ்வதி அக்காவின் குளிர்பெட்டி ரசீதில் தேதி 2022 மார்ச்சுக்குப் பிறகு இருந்தால் அது சாட்சி. அதற்கு முன் வாங்கியிருந்தால் அந்த ரசீதால் ஒரு பயனும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் 107ஆவது பிரிவு இங்கே இன்னும் பலமாகக் குறுக்கே நிற்கும். ரத்து செய்யும் அதிகாரத்தை ஒரு கடிதத்தால் பூட்டிவிட முடியாது என்பார்கள். மன்றத்தின் காரணம் என்ன என்பதைப் பொறுத்தே முடிவு சாயும். சந்தின் கீழ் ஓடும் வடிகால் உள்வாங்கி ஆள் விழும் அபாயம் இருக்கிறது என்று பொறியாளர் அறிக்கை இருந்தால், வாக்குறுதி தோற்கும், தோற்கவும் வேண்டும். அகலப்படுத்தல் இன்னும் ஓராண்டு கழித்துத் தொடங்கினாலும் நஷ்டமில்லை என்ற நிலையில் வெறும் வசதிக்காகக் காலி செய்யச் சொன்னால், மீறுவதற்குப் போதிய பொதுநலன் எங்கே என்று கேட்கலாம். எங்கள் கணிப்பில், நடைமுறை வாதத்தை முதலில் வைத்து, பலன் வாதத்தை அடுத்ததாக வைப்பதே புத்திசாலித்தனம். தலைகீழாக வைப்பவர்கள் இரண்டையும் பலவீனப்படுத்திக்கொள்கிறார்கள்.

இதே கடிதத்தில் கையெழுத்திட்டது யார் என்பதும் பார்க்கப்படும். லைசென்ஸ் பிரிவின் தலைவருக்கு அப்படிச் சொல்லும் அதிகாரம் இருக்கிறது, குறைந்தது இருப்பதாகத் தோன்றுகிறது. தீபாவளி விருந்துபசரிப்பில் மைக் பிடித்த கவுன்சிலர் “உங்களை யாரும் அசைக்க முடியாது” என்றது இதற்குள் வராது. தேர்தல் மேடைப் பேச்சும் அப்படியே. இங்கிலாந்தில் பெக்பி வழக்கில், எதிர்க்கட்சியாக இருந்தபோது கொடுத்த வாக்குறுதி ஆட்சிக்கு வந்த அரசைக் கட்டாது என்று நீதிமன்றம் சொன்னது.

## மூன்று மாதம் என்ற சுவர்

இங்கேதான் நல்ல வழக்குகளும் செத்துப்போகின்றன. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53ஆவது ஆணைப்படி, சீராய்வு மனுவை விரைந்து போட வேண்டும். எப்படிப் போனாலும், காரணம் எழுந்த நாளிலிருந்தோ முடிவு உங்களுக்கு முதலில் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்தோ மூன்று மாதத்துக்குள். பூக்கடை வழக்கில் நோட்டீஸ் கைக்கு வந்தது ஜூன் 12, கடைசி நாள் செப்டம்பர் 12. ஆனால் 14 நாளில் காலி செய்யச் சொன்ன நோட்டீஸுக்கு மூன்று மாதம் காத்திருப்பவர், மனுப்போடும்போது உடைந்த சந்தைத்தான் நீதிபதிக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

மேயருக்கு மேல்முறையீட்டுக் கடிதம், சட்டமன்ற உறுப்பினரைச் சந்திப்பது, பத்திரிகையாளர் கூட்டம் எல்லாம் செய்யலாம். அவற்றால் கடிகாரம் நிற்பதில்லை. “பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது” என்பதை மட்டும் வைத்துக் கால நீட்டிப்பு வாங்குவது நம்பத்தக்க வழியல்ல. நல்ல காரணம் காட்டினால் நீதிபதி நீட்டிக்கலாம், ஆனால் அந்தக் கதவு குறுகலானது.

மனு நேராக விசாரணைக்குப் போகாது. முதலில் அனுமதி கேட்க வேண்டும். கூடவே இரண்டு ஆவணங்கள்: மனுதாரர் யார், என்ன நிவாரணம் வேண்டும், என்ன காரணம் என்று சொல்லும் அறிக்கை ஒன்று, உண்மைகளைச் சத்தியம் செய்து உறுதிப்படுத்தும் அபிடவிட் ஒன்று. அனுமதி விசாரணைக்குக் குறைந்தது மூன்று நாள் முன் இவற்றின் பிரதிகளைச் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். முடிவால் பாதிக்கப்பட்டவர் மனு போடலாம். எனவே 12 பேரின் பெயரில் வழக்கு நிற்கும். அந்தச் சந்தில் பூ வாங்குபவர் பெயரில் வைத்தால் முதல் கேள்வியே “உங்களுக்கு என்ன பாதிப்பு” என்பதாக இருக்கும்.

அனுமதி கிடைத்துவிட்டால் தானாகவே நோட்டீஸ் நின்றுவிடும் என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நிறுத்திவைக்கும் உத்தரவைத் தனியாகக் கேட்க வேண்டும், நீதிபதி சொன்னால்தான் நிற்கும். கேட்க மறந்துவிட்டால், லெபோ லைட்டில் உள்ள உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போதே சந்தில் புல்டோசர் வந்து நிற்கும்.

அபிடவிட்டில் இணைக்க வேண்டியவை: கடிதத்தின் மூலப்பிரதி, வந்த உறை இருந்தால் அதுவும், லைசென்ஸ் புதுப்பித்த எல்லா ஆண்டு ரசீதுகளும், நோட்டீஸ், அது கைக்கு வந்த தேதிக்குச் சான்று, நம்பிச் செய்த செலவின் ரசீதுகள். வாட்சாப்பில் அதிகாரி அனுப்பிய செய்தி இருந்தால், அதை மட்டும் வெட்டி எடுக்காமல் முன்னும் பின்னும் உள்ள உரையாடலோடு இணைக்க வேண்டும். ‘பார்க்கலாம்’ என்பதும் ‘செய்துதருகிறோம்’ என்பதும் அடுத்தடுத்த வரிகளில் வந்திருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் வரியைத்தான் படித்துக்காட்டுவார்.

12 பேரும் நடைமுறை வாதத்தில் வென்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் ரத்தாகிறது. மன்றம் அவர்களை ஒரு செவ்வாய்க்கிழமை காலை அழைத்து உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் கேட்டு, குறிப்பெடுத்து, அடுத்த மாதம் அதே முடிவை மறுபடி எடுக்கலாம். கேட்டது பேருக்கா மெய்யாகவா என்பதை அந்தக் குறிப்பே காட்டும். அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது 12 பேரில் ஒருவராவது ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டுபோக வேண்டும்.